மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்

நம் வீடுகளில் பிள்ளைக்குப் பேச்சு திருந்துமுன்பே அறபு எழுத்து வரிசை நாவில் ஏறிவிடும். அலிஃப், பா, தா, ஸா, ஜீம் என்று பிள்ளை ஓதிக்கொண்டிருக்க, இடையில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் அடுப்படியில் நிற்கும் உம்மா அங்கிருந்தபடியே திருத்திக் கொடுப்பார். அந்த அளவுக்கு அந்த வரிசை நமக்குப் பழக்கம். ஆனால் அறபு மொழிக்கு இன்னொரு எழுத்து வரிசையும் இருக்கிறது. அது நாம் ஓதும் வரிசையைவிட வயதில் மூத்தது. கிதாபுகளிலும், வினாத்தாள்களிலும், கலியாண அழைப்பிதழின் தலைப்பிலும் அது நம் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இன்னதென்று தெரியாமல் கடந்து போகிறோம்.

நான் அறபுக் கல்லூரியில் ஓதிக் கொடுப்பதோடு, வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு அறபு மொழி வகுப்பும் நடத்தி வருகிறேன். ஒருநாள் ஒரு மாணவி பெய்ரூத்தில் அச்சான ஒரு கிதாபைக் கொண்டுவந்து, “மௌலவி, இதில் இரண்டு பக்கம் விழுந்திருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?” என்று கேட்டார். முன்னுரையின் பக்கங்களுக்கு இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துப் போட்டிருந்தார்கள். முதற்பக்கம் அலிஃப், அடுத்தது பா, அதற்கடுத்தது ஜீம். தாவும் ஸாவும் எங்கே என்பதுதான் அவருடைய கேள்வி. “பா பக்கத்தின் கடைசி வரியையும் ஜீம் பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள்” என்றேன். வாசித்தார். வசனம் எங்கும் அறுபடாமல் ஓடியது. பக்கம் ஒன்றும் விழவில்லை. அந்த முன்னுரை மற்ற வரிசையில் எண்ணப்பட்டிருந்தது.

அந்த மற்ற வரிசைக்குப் பெயர் அப்ஜத். நாம் ஓதும் வரிசையை ஹிஜாயீ வரிசை என்பார்கள். இரண்டிலும் எழுத்துகள் அதே 28தான். ஒழுங்கு மட்டுமே வேறு. அப்ஜத் வரிசையை மனத்தில் நிறுத்துவதற்கு எழுத்துகளைக் கோத்து எட்டுச் சொற்களாக்கி வைத்திருக்கிறார்கள். பொருளுக்காகக் கட்டிய சொற்கள் அல்ல, ஞாபகத்துக்காகக் கட்டியவை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெறுமதியும் உண்டு.

தமிழில் எழுதும்போது சில அறபு எழுத்துகளின் பெயர் ஒன்றுபோலவே தோன்றும். அதனால் சிறு அடையாளம் சேர்த்துச் சொல்கிறேன். ஹா இரண்டில் ஒன்றை உருண்டை ஹா என்றும், ஜீமின் வடிவத்தில் இருப்பதை ஜீம்வடிவ ஹா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாயை நிரப்பி உச்சரிப்பவற்றைத் தடித்த தா, தடித்த காஃப் என்று சொல்கிறேன். இனி அந்த எட்டுச் சொற்கள்:

அப்ஜத்: அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4.
ஹவ்வஸ்: உருண்டை ஹா 5, வாவ் 6, ஸாய் 7.
ஹுத்தீ: ஜீம்வடிவ ஹா 8, தடித்த தா 9, யா 10.
கலமன்: காஃப் 20, லாம் 30, மீம் 40, நூன் 50.
ஸஃபஸ்: ஸீன் 60, ஐன் 70, ஃபா 80, ஸாத் 90.
கரஷத்: தடித்த காஃப் 100, றா 200, ஷீன் 300, தா 400.
ஸகத்: ஸா 500, புள்ளி வைத்த கா 600, புள்ளி வைத்த தால் 700.
ளளக்: ளாத் 800, புள்ளி வைத்த ளா 900, கைன் 1000.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது எழுத்து. பத்து முதல் தொண்ணூறு வரை இன்னுமோர் ஒன்பது. நூறு முதல் தொள்ளாயிரம் வரை மற்றுமோர் ஒன்பது. ஆயிரத்துக்கு ஒன்று. மொத்தம் 28. பூச்சியம் என்ற குறி இல்லாமலே 1 முதல் 1999 வரை எந்த எண்ணையும் இவற்றால் எழுதிவிடலாம். பெரிய பெறுமதியை முன்னே வைத்து, வலமிருந்து இடமாக எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பதினைந்து என்றால் யாவும் உருண்டை ஹாவும். இருநூற்று நாற்பத்து மூன்று என்றால் றா, மீம், ஜீம். வானநூல் வல்லோர் தம் அட்டவணைகளை இப்படித்தான் எழுதினார்கள். நட்சத்திர உயரம் அளக்கும் பித்தளைக் கருவியாகிய அஸ்தர்லாபின் விளிம்பைச் சுற்றிப் பாகைகளை 5, 10, 15, 20 என்று குறிப்பதற்கும் இந்த எழுத்துகளையே பொறித்தார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. ஜீமின் புள்ளி அழிந்துபோனால் அது ஹா ஆகிவிடும். 3 என்பது 8 ஆகிவிடும். ஸாயின் புள்ளி போனால் அது றா. 7 என்பது 200. ஆகையால் பழைய பிரதியை வாசிப்பவர் ஓர் எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், முன்னும் பின்னும் உள்ள எண்களோடு அது ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்.

இந்த ஒழுங்கு அறபிகள் புதிதாக ஆக்கியதல்ல. கரஷத் என்ற ஆறாவது சொல்லோடு 22 எழுத்து முடிகிறது. பெறுமதி 400இல் நிற்கிறது. ஹிப்ரு மொழியின் எழுத்துகளும் அதே 22தான். அவையும் அதே ஒழுங்கில் சென்று 400இல்தான் நிற்கின்றன. இரண்டும் ஒரே பழைய குடும்பத்தின் பிள்ளைகள். இன்றைய சிரியாவின் கரையோரத்தில் உகாரித் என்ற பழைய நகரின் இடிபாடுகளிலிருந்து கிடைத்த களிமண் பலகைகளில் ஏறத்தாழ இதே எழுத்தொழுங்கு இருக்கிறது. அவை கி.மு. 14ஆம், 13ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியவை. அறபு மொழியில் ஒலிக்கும் ஆறு ஓசைகளுக்கு அந்த 22க்குள் இடமில்லை. அவற்றுக்கான ஸா, கா, தால், ளாத், ளா, கைன் ஆகிய ஆறையும் பழைய வரிசையைக் கலைக்காமல் கடைசியில் சேர்த்தார்கள். எட்டில் கடைசி இரண்டு சொற்கள் அப்படி வந்தவையே.

அப்படியானால் நாம் ஓதும் வரிசை எங்கிருந்து வந்தது? ஆரம்ப காலத்து அறபு எழுத்தில் இன்று நாம் காணும் புள்ளிகள் ஒழுங்காக இடப்படுவதில்லை. பா, தா, ஸா மூன்றும் ஒரே படகு போலிருந்தன. ஜீம், ஹா, கா மூன்றுக்கும் ஒரே வயிறு. அறபு தாய்மொழியல்லாத மக்கள் பெருந்தொகையாக இஸ்லாத்துக்கு வந்த காலத்தில் குர்ஆனைப் பிழையாக வாசித்துவிடக் கூடாதே என்ற கவலை எழுந்தது. கலீஃபா அப்துல் மலிக்கின் காலத்தில் (685–705), இறாக்கின் ஆளுநராயிருந்த ஹஜ்ஜாஜின் ஏற்பாட்டில், நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் ஆகிய அறிஞர்கள் புள்ளிகளை ஒழுங்குபடுத்தினார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. எழுத்தை உருவத்தின்படி அடுக்கிய புதிய வரிசையையும் நஸ்ர் இப்னு ஆஸிமோடு சேர்த்தே சொல்வார்கள்.

அடுக்கிய முறை மிக எளிது. பழைய வரிசையின் முதலிலிருந்து புறப்படுங்கள். அலிஃப், பா. பாவின் உருவத்தில் இருக்கும் தாவையும் ஸாவையும் கடைசியிலிருந்து அழைத்துவந்து அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்தது ஜீம், அதன் பக்கத்தில் ஹாவும் காவும். அடுத்தது தால், அதன் பக்கத்தில் புள்ளி வைத்த தால். பிறகு றாவும் ஸாயும், ஸீனும் ஷீனும், ஸாதும் ளாதும் என்று ஜோடி ஜோடியாக வரும். தனித்து எழுதும்போது துணையில்லாத எழுத்துகளான காஃப், லாம், மீம், நூன், உருண்டை ஹா, வாவ், யா ஆகியவை கடைசிக்குப் போயின. பழைய ‘கலமன்’ என்ற சொல் மட்டும் புதிய வரிசைக்குள்ளும் கலையாமல் அப்படியே இருக்கிறது. காஃப், லாம், மீம், நூன் என்று உங்கள் பிள்ளை ஓதும்போது அவன் இரண்டு வரிசையையும் ஒன்றாக ஓதுகிறான்.

உருவம் ஒத்தவை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்குப் படிப்பிப்பது எளிது. ஒரு படகை வரையப் பழக்கிவிட்டால் மூன்று எழுத்து வந்துவிடும். அதனால் பாடசாலைக்கு ஹிஜாயீ வரிசை நிலைத்தது. எண்களின் பெறுமதியோ பழைய வரிசையோடு கட்டுண்டிருந்தது. அதைக் கலைத்தால் எழுதிய கணக்கெல்லாம் கெட்டுவிடும். ஆகவே பழையதும் அழியாமல் தன் வேலையோடு தங்கிவிட்டது.

இன்று இரண்டுக்கும் வேலைப் பங்கீடு இருக்கிறது. அட்டவணை போடவும், பகுதி பிரிக்கவும் அப்ஜத். வினாத்தாளில் விடைகளுக்கு அலிஃப், பா, ஜீம், தால் என்று குறியிடுவது இதனால்தான். தமிழில் அ, ஆ, இ என்று போடுவது போல. இப்படிப்பட்ட பட்டியல்களில் ஐந்தாவதாக வரும் உருண்டை ஹாவை ஒரு சிறு வால் இழுத்து எழுதியிருப்பார்கள். தனியே உருட்டி எழுதினால் அது அறபு இலக்கம் ஐந்தைப் போலவே தெரியும் என்பதே காரணம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னுரைப் பக்கங்களில் யாவுக்குப் பிறகு காஃப் வந்தால், அது பெரும்பாலும் பதினோராம் பக்கம், இருபதாம் பக்கமல்ல. அங்கே எழுத்தின் பெறுமதியை எடுக்கவில்லை, வரிசையில் அது நிற்கும் இடத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள்.

சொல் தேடும் இடத்தில் ஹிஜாயீ வரிசைதான். அப்ஜதில் பதினோராவது இடத்திலிருக்கும் காஃப், ஹிஜாயீயில் இருபத்திரண்டாவது இடத்தில் இருக்கிறது. அகராதியில் அதைப் பின்பாதியில் தேட வேண்டும். ஆனால் வரிசை தெரிந்தால் மட்டும் போதாது. ‘மக்தபா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நூலகத்துக்கும் புத்தகக் கடைக்கும் அந்தப் பெயர் உண்டு. சொல் மீமில் தொடங்குகிறதென்று மீம் பகுதியில் தேடினால் பழக்கமான அகராதிகள் பலவற்றில் அது அகப்படாது. முன்னாலுள்ள மீமும் கடைசியிலுள்ள தாவும் மேலே சேர்ந்தவை. அவற்றைக் கழற்றினால் காஃப், தா, பா என்ற மூன்று மூல எழுத்து மிஞ்சும். பெய்ரூத்தில் 1908இல் முதலில் வெளிவந்த ‘அல்முன்ஜித்’ போன்ற அகராதிகளில் காஃப் பகுதியைத் திறந்து, அதற்குள் தா, பிறகு பா என்று போனால் கிதாப், காதிப், மக்தப், மக்தபா எல்லாம் ஒரே குடும்பமாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

பெரிய பழைய அகராதிகளுக்கு வேறு வாசல். இப்னு மன்ளூரின் ‘லிஸானுல் அறப்’, ஃபைரூஸாபாதியின் ‘அல்காமூஸ் அல்முஹீத்’ ஆகியவை மூலத்தின் கடைசி எழுத்தைக் கொண்டு அத்தியாயம் பிரிக்கின்றன. அவற்றில் அதே சொல்லுக்கு முதலில் பா அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். அதற்குள் காஃப் பிரிவுக்குப் போக வேண்டும். கவிஞருக்கு ஓசை ஒத்து முடியும் சொற்கள் ஓரிடத்தில் கிடைக்கும் என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். அத்தியாயங்கள் அடுக்கியிருப்பதோ நம் பிள்ளைகள் ஓதும் அதே அலிஃப், பா, தா ஒழுங்கில். ஆகவே புதிதாக ஓர் அகராதியைக் கையில் எடுத்தால் கிதாப் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். காஃப் பகுதியில் கிடைத்தால் முதலெழுத்து அகராதி. பா பகுதியில் கிடைத்தால் கடைசியெழுத்து அகராதி. ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது நம் வீட்டுக் கதவிலும் கடைப் பலகையிலும் பேருந்தின் முகப்பிலும் இருக்கும் 786க்கு வருவோம். கூட்டிப் பார்த்தவர்கள் குறைவு. பேனை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்மி என்ற பகுதியில் எழுதப்படுவது பா, ஸீன், மீம். 2, 60, 40, கூட்டினால் 102. அல்லாஹ் என்பதில் அலிஃப், லாம், லாம், உருண்டை ஹா. 1, 30, 30, 5; கூட்டினால் 66. அர்றஹ்மான் என்பதில் அலிஃப், லாம், றா, ஜீம்வடிவ ஹா, மீம், நூன். 1, 30, 200, 8, 40, 50, கூட்டினால் 329. அர்றஹீம் என்பதில் அலிஃப், லாம், றா, அதே ஹா, யா, மீம். 1, 30, 200, 8, 10, 40, கூட்டினால் 289. நான்கையும் சேர்த்தால் 786.

இந்தக் கூட்டலுக்குள் ஒரு சட்டம் மறைந்திருக்கிறது. காதில் கேட்பதை எண்ணுவதில்லை, கையால் எழுதியதை எண்ண வேண்டும். றஹ்மானில் மீமை நீட்டி ஓதுகிறோம். அந்த நீட்டலுக்கு முழு அலிஃப் எழுதுவதில்லை, ஆகவே எண்ணவில்லை. எண்ணியிருந்தால் 787 ஆகியிருக்கும். ஷத்து வைத்த எழுத்தை அழுத்தி ஓதினாலும் அது ஒன்றாகவே எண்ணப்படும். இந்தக் கணக்குக்கு ‘ஹிஸாபுல் ஜும்மல்’ என்று பெயர்.

இந்தக் கணக்கை நம் முன்னோர் அழகாகப் பயன்படுத்திய இடம் வருடம் குறிப்பதில். ஒரு கட்டடம் எழும்பியதையோ, ஒரு பெரியவர் மறைந்ததையோ சொல்லும் வாசகத்தை அமைக்கும்போது, அதன் எழுத்துகளைக் கூட்டினால் அந்த ஹிஜ்ரி வருடம் வரும்படி அமைப்பார்கள். பெயர் பெற்ற ஒன்று, ஸுல்தான் முஹம்மத் அல்ஃபாதிஹ் 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றியதற்குச் சொல்லப்படும் ‘பல்ததுன் தய்யிபா’ என்பது. நல்ல நகரம் என்று பொருள்படும் குர்ஆனியச் சொற்கள் அவை. பா 2, லாம் 30, தால் 4, முடிவிலுள்ள தா 400: மொத்தம் 436. தடித்த தா 9, யா 10, பா 2, முடிவிலுள்ள தா 400: மொத்தம் 421. இரண்டும் சேர்ந்து 857. நகரம் வீழ்ந்தது ஹிஜ்ரி 857இல். நல்ல நகரம் கிடைத்தது என்று செய்தியையும் சொல்லி, வருடத்தையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறு முடிச்சு உண்டு. அந்தச் சொற்களின் முடிவில் இருப்பது உருண்டை ஹாவின் மேல் இரண்டு புள்ளி வைத்த தா. பார்வைக்கு ஹா, ஓசைக்குத் தா. சிலர் உருவத்தைப் பார்த்து அதற்கு 5 கொடுப்பார்கள். சிலர் ஓசையைப் பார்த்து 400 கொடுப்பார்கள். இரண்டுக்கும் வழக்கு இருக்கிறது. வருடம் குறிப்பவருக்கு இது தொல்லை தராது. நிகழ்ச்சியின் வருடம் ஏற்கனவே தெரியும். எந்த முறையில் சரியாக வருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கைத் தூக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அப்படியொரு தொல்லை என்னிடம் வந்தது. வகுப்புக்கு வரும் ஒரு ராத்தா, பாடம் முடிந்த பிறகு தயங்கித் தயங்கி ஒரு கடதாசியை நீட்டினார். மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி, இரு வீட்டாருக்கும் பிடித்து, நாள் குறிக்கும் அளவுக்கு வந்திருந்தது. இடையில் சொந்தக்காரர் ஒருவர் பெயர் பார்ப்பவரிடம் போயிருக்கிறார். இரண்டு பெயரின் எழுத்துகளையும் கூட்டி, ஒன்பதால் வகுத்து, மீதி 3 வருகிறது, ஆகவே சேராது என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். “பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, மௌலவி. தன் பெயரே தனக்கு ஆகவில்லை என்று அழுகிறாள்” என்றார் அந்தத் தாய்.

நான் மார்க்கத் தீர்ப்பிலிருந்து தொடங்கவில்லை. கணக்கிலிருந்தே தொடங்கினேன். அந்தப் பெயர்களை இங்கே சொல்லாமல், அதே விதமாகக் கணக்கு வரும் வேறு இரண்டு பெயரை வைத்துக்கொள்கிறேன். பெண் ஃபாத்திமா, மாப்பிள்ளை யூஸுஃப் என்று கொள்வோம். ஃபாத்திமாவில் ஃபா 80, அலிஃப் 1, தடித்த தா 9, மீம் 40, இறுதி எழுத்தை ஹாவாக எண்ணினால் 5. மொத்தம் 135. யூஸுஃபில் யா 10, வாவ் 6, ஸீன் 60, ஃபா 80. மொத்தம் 156. இரண்டும் சேர்ந்து 291. ஒன்பதால் வகுத்தால் மீதி 3. கடதாசியில் இருந்த மீதியும் அதுதான்.

“இப்போது இறுதி எழுத்தைத் தாவாக எண்ணுங்கள்” என்றேன். 5க்குப் பதிலாக 400. ஃபாத்திமா 530 ஆகிறார். மொத்தம் 686. ஒன்பதால் வகுத்தால் மீதி 2. பெண்ணும் அதே பெண். பெயரும் அதே பெயர். ஒரு புள்ளியும் மாறவில்லை. மீதி மாறிவிட்டது.

“இன்னும் ஒன்று பாருங்கள்” என்றேன். மொறொக்கோ முதலான மேற்கு நாடுகளில் வழங்கிய அப்ஜத் வரிசை கிழக்கிலுள்ளவர்களின் வரிசையிலிருந்து ஆறு எழுத்தில் வேறுபடும். அங்கே ஸாதுக்கு 60, ளாதுக்கு 90, ஸீனுக்கு 300, ளாவுக்கு 800, கைனுக்கு 900, ஷீனுக்கு 1000. அந்தக் கணக்கில் யூஸுஃபின் ஸீன் 60 அல்ல, 300. பெயர் 396 ஆகிவிடும். ஃபாத்திமாவின் 135ஐச் சேர்த்தால் 531. ஒன்பதால் சரியாக வகுபடும், மீதியே இல்லை. ஒரே சோடிக்கு மூன்று கணக்கில் மூன்று விடை. இதில் எதை நம்பிப் பிள்ளையின் வாழ்க்கையை நிறுத்துவது?

அதே மேற்குக் கணக்கில் பிஸ்மில்லாஹ்வைக் கூட்டினால் 786 வராது. அதிலுள்ள ஒரே ஸீன் 60இலிருந்து 300க்கு ஏறுவதால் 1026 வரும். நாம் வாசலில் எழுதி வைத்திருக்கும் எண், கிழக்கின் வரிசையில் நிற்பவருக்கு மட்டுமே அந்த எண். திருவசனத்தில் அப்படி எந்த மாற்றமும் இல்லை. அது எங்கும் ஒன்றே.

கூட்டுத்தொகைக்கு இன்னொரு குறையும் உண்டு. அதற்கு ஒழுங்கு தெரியாது. ‘இல்ம்’ என்பதற்கு ஐன், லாம், மீம்: 70, 30, 40, மொத்தம் 140. ‘அமல்’ என்பதற்கு ஐன், மீம், லாம்: அதே மூன்று எழுத்து, அதே 140. கற்ற கல்வியும் செய்யும் செயலும் எண்ணில் ஒன்று. நம் வாழ்க்கையில் அவை ஒன்றாக இருந்தால் நல்லதுதான். ஆனால் சொல்லாக அவை இரண்டு. சொல்லிலிருந்து எண்ணுக்குப் போகலாம். எண்ணிலிருந்து சொல்லுக்குத் திரும்பி வரப் பாதை இல்லை. 140 என்று எழுதிவிட்டால், எழுதியவர் இல்மைச் சொன்னாரா அமலைச் சொன்னாரா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கடிதத்தின் தலைப்பில் 786 எழுதினால் பிஸ்மில்லாஹ் எழுதியது ஆகாது என்று உலமாக்கள் சொல்வதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். காலில் மிதிபடக்கூடிய கடதாசியில் திருநாமத்தை எழுத அஞ்சிச் சிலர் எண்ணைப் போட்டார்கள். அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. அப்படி அஞ்சினால் எழுதாமல் விட்டு, எழுதத் தொடங்கும்போது வாயால் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொள்வதே போதுமானது.

அந்த ராத்தாவிடம் கடைசியாக நான் கேட்டது இதுதான். “மாப்பிள்ளையின் தொழுகை எப்படி, தொழில் எப்படி, உம்மா வாப்பாவிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று விசாரித்தீர்களா?” விசாரித்ததாகவும், எல்லாம் நல்லபடியாகவே சொன்னார்கள் என்றும் கூறினார். “அப்படியானால் விசாரிக்க வேண்டியதை விசாரித்துவிட்டீர்கள். மறைவான காரியம் அல்லாஹ்விடம் இருக்கிறது, ஒன்பதால் வகுத்த மீதியில் இல்லை. கேட்க விரும்பினால் இஸ்திகாராத் தொழுது அவனிடம் கேளுங்கள்” என்றேன். கணக்குப் போட்ட கொப்பித் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மகளுக்குக் காட்ட வேண்டுமாம். பிறகு அந்தச் சம்பந்தம் எப்படி முடிந்தது என்பது அவர்கள் வீட்டு விஷயம், இங்கே எழுதுவதற்கில்லை.

சகோதரிகளே, அறபு எழுத்து வரிசையாக வரும் இடம் எதுவானாலும் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலிஃபும் பாவும் இரண்டு வரிசைக்கும் பொது. மூன்றாவதைப் பாருங்கள். அங்கே தா இருந்தால் அது நாம் ஓதும் வரிசை. அகராதியும் சொல் அடைவும் அப்படித்தான் இருக்கும். அங்கே ஜீம் இருந்தால் அது அப்ஜத். பக்கமோ, பட்டியலோ, வினாத்தாளின் விடையோ எண்ணப்பட்டிருக்கிறது. எட்டுச் சொற்களையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் அறபுக் கொப்பியின் பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி யாராவது உங்கள் வீட்டைப் பயமுறுத்த வந்தால், கூட்டிப் பார்க்க உங்கள் பிள்ளைக்கே தெரிந்திருக்கும். அந்த இறுதித் தாவுக்கு ஐந்தா நானூறா என்று ஒரு கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள்.